மாப்பிள்ளை, கொசுமருந்து, மின்மினி: பழைய ஸ்கூட்டருக்குப் பெயர் வந்த கதை

தெருவில் யாரிடமாவது பழைய கியர் ஸ்கூட்டர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதை யாரும் கம்பெனிப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. புகை விட்டால் "கொசுமருந்து". தகரம் ஆடினால் "லொடலொட்டி". ராத்திரியில் விளக்கு மங்கி மங்கி எரிந்தால் "மின்மினி". வைத்தவர் பக்கத்து வீட்டுப் பையனாகவோ, சொந்தக்காரரின் மாமியாராகவோ, மெக்கானிக் கடை எடுபிடியாகவோ இருக்கலாம். ஆனால் பொருந்தி நிற்கும் பெயர் எதையும் கவனித்துப் பாருங்கள், வண்டியின் ஏதோ ஒரு குணம் அதில் இருக்கும். அந்தக் குணத்துக்குப் பின்னால் இன்ஜினிலோ வயரிலோ ஒரு காரணமும் இருக்கும். காரணம் தெரிந்தால் பெயரும் இனிக்கும், வண்டியும் நிலைக்கும்.

பட்டப்பெயர் சூட்டும் பழக்கத்தை நாம் ஆரம்பிக்கவில்லை. ஸ்கூட்டர் பிறந்த பட்டறையிலேயே அது இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் இத்தாலியின் பியாஜியோ கம்பெனி முதலில் செய்து பார்த்த ஸ்கூட்டரின் உருவம் கோமாளித்தனமாக இருந்ததால், தொழிலாளர்கள் அதற்கு "பாப்பெரினோ" என்று பெயர் வைத்தார்கள். டொனால்டு டக் என்ற கார்ட்டூன் வாத்தை இத்தாலியர்கள் அழைக்கும் பெயர் அது. முதலாளி என்ரிகோ பியாஜியோவுக்கு வண்டி பிடிக்கவில்லை. வேறொன்று வரைந்து தரும்படி கொராதினோ தஸ்கானியோவிடம் கேட்டார். தஸ்கானியோ ஹெலிகாப்டர் ஆராய்ச்சியில் பெயர் பெற்ற விமான இன்ஜினியர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. அவர் வரைந்ததில் பின்பக்கம் பருத்து, இடை சிறுத்து, ஓடும்போது ரீங்காரமும் கேட்டது. அதனால் 1946இல் விற்பனைக்கு வந்தபோது அதன் பெயர் குளவி, அதாவது வெஸ்பா. பட்டப்பெயராகச் சொன்னதே பதிவுப் பெயராகிவிட்டது.

அந்தக் குடும்பத்து வண்டிதான் நம் ஊருக்கும் வந்தது. 1960களில் பியாஜியோவின் உரிமத்தோடு பஜாஜ் இங்கே வெஸ்பாவைத் தயாரித்தது. உரிமம் முடிந்த பிறகு 1972இல் சேத்தக் வந்தது. ராணா பிரதாப்பின் குதிரைப் பெயர் அது. முன்பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி என்பதால் யாரும் லேசில் விற்கவில்லை. ஒரே வண்டியை அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, தங்கை கல்லூரிக்கு எடுத்துப்போனாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தால் வண்டியின் ஒவ்வொரு சேட்டையும் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். செல்லப்பெயர் பிறப்பது அந்த நிலையில்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் வண்டிக்குப் பெயர் ஒட்டுவதில்லை.

முதலில் கொசுமருந்தைப் பார்ப்போம். அந்தக் கால ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். அந்த இன்ஜினின் உள்பாகங்களை நனைக்கத் தனியாக ஆயில் அறை கிடையாது. பெட்ரோலோடு டூ-டி ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். பிற்கால வண்டிகளுக்கு லிட்டருக்குச் சுமார் 20 மில்லி. அந்த ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து வெளியே போகும். முழுவதும் எரியாத மிச்சம்தான் நீலம் கலந்த வெள்ளைப் புகை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சைலன்சருக்குள் ஆயில் படிந்திருக்கும். காலையில் முதல் உதைக்கு அதுவும் சேர்ந்து கிளம்பும். கைதாராளமாக ஆயில் ஊற்றுகிறவர் வீட்டு வண்டி தெருவையே மறைக்கும். குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு "கொசுமருந்து வருது" என்று ஓடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எல்லாப் புகையும் ஒன்றல்ல. இன்ஜின் சூடேறி ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனதும் புகை மெலிந்துவிட்டால் அது வண்டியின் இயல்பு. பெயரை வைத்துக்கொள்ளலாம். சூடான பிறகும் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டே இருந்தால், அளவாக ஆயில் கலந்தும் குறையவில்லை என்றால், கிராங்கின் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சீல் தேய்ந்தால் கியர் பாக்ஸில் இருக்கும் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரிக்கும். கண்டுபிடிப்பது சுலபம். புகையில் கியர் ஆயிலின் காட்டமான நெடி வரும். கியர் ஆயில் அளவைப் பார்த்தால் கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமலே குறைந்திருக்கும். "நம்ம கொசுமருந்து எப்பவும் இப்படித்தான்" என்று விட்டுவிட்டால் ஒருநாள் கியர் பல்லெல்லாம் எண்ணெய் இல்லாமல் அரைபட்டு நிற்கும். ஒரு சின்ன சீலுக்குச் சோம்பல்பட்டு கியர் பாக்ஸையே பிரிக்க வேண்டிவரும்.

அடுத்தது ஒலியால் வரும் பெயர்கள். "விக்கல்", "இருமல் தாத்தா" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறக்கத்தில் வரும்போதும், சிக்னலில் மெதுவாக உறுமிக்கொண்டு நிற்கும்போதும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரே சீராகச் சத்தம் போடாது. பொட்... பொட்பொட்... பொட் என்று விட்டுவிட்டுப் பேசும். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது புதிதாக உள்ளே வரும் பெட்ரோல் கலவை கொஞ்சம்தான். எரிந்து முடிந்த பழைய வாயு முழுவதும் வெளியேறாமல் அதோடு கலந்து நிற்கும். அதனால் ஒரு சுற்றில் தீப்பிடிக்காது, அதற்கடுத்த சுற்றில் பிடிக்கும். இதுதான் விக்கலுக்குக் காரணம். இதனால் ஒரு கெடுதலும் இல்லை.

அதே விக்கல் பாலம் ஏறும்போது, முழு ஆக்சிலேட்டரில் வந்தால் கதை வேறு. அப்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது பிளக்கில் பொறி சரியாக விழவில்லை என்று பொருள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் குறைவு, கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம். அந்தக் காலத்தில் ஸ்கூட்டர்காரர்கள் டிக்கியில் ஒரு பிளக் ஸ்பேனரும் உப்புத்தாள் துண்டும் வைத்திருந்தது இதற்காகத்தான்.

மின்மினிக்கு வருவோம். பழைய கியர் ஸ்கூட்டர்கள் பலவற்றில் பேட்டரியே கிடையாது. இன்ஜினோடு சுற்றும் மேக்னெட்டோவிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் விளக்கும் ஹாரனும் வேலை செய்யும். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் வெளிச்சம் கூடும், மெதுவானால் மங்கும். எங்கே வெளிச்சம் அதிகம் தேவையோ, அதாவது வேகத்தைக் குறைத்து முடுக்கில் திரும்பும் இடத்தில், அங்கேதான் விளக்கு செத்துப்போகும். விவரம் தெரிந்தவர்கள் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கித் திருப்புவார்கள். ஹாரனும் அப்படியே. நிற்கும்போது முனகும், ஓடும்போது கத்தும். அது வண்டியின் பிறவிக் குணம், நோயில்லை. ஆனால் ஹெட்லைட் பல்பு அடிக்கடி பியூஸ் போனால் பின்னால் போய் டெயில் லைட் எரிகிறதா என்று பாருங்கள். அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு பல்பு போய்விட்டால் அதற்கான மின்சாரமும் மற்ற பல்புகள்மேல் ஏறும். வேகமாகப் போகும்போது ஹெட்லைட் தாங்காது.

இனி ஒரு வண்டியை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். திருச்சியில் என் சித்தப்பா வீட்டில் ஒரு கியர் ஸ்கூட்டர் இருந்தது. அதன் பெயர் மாப்பிள்ளை. வைத்தது அத்தை. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை போல, காலையில் உரிய மரியாதை செய்யாமல் அது கிளம்பாது என்பது அவர் கணிப்பு. அந்த மரியாதைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெட்ரோல் நாபைத் திறக்க வேண்டும். சோக்கை இழுக்க வேண்டும். இடது பக்கம் நின்று ஹேண்டிலைப் பிடித்து, வண்டியைத் தன் பக்கமாக நன்றாகச் சாய்த்துச் சில வினாடி வைத்திருக்க வேண்டும். பிறகு நிமிர்த்தி, சாவி போடாமல் மெதுவாக இரண்டு உதை. சாவி போட்டு ஒரு உதை. அதில் கிளம்பிவிடும்.

பார்ப்பவர்களுக்கு இது சடங்காகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோல் உள்ளே போக வேண்டும். சோக்கு கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறது. வண்டியைச் சாய்த்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொஞ்சம் வழிந்து உள்ளே இறங்கும் என்பது மெக்கானிக்குகள் சொல்லும் விளக்கம். சாவி போடாத இரண்டு உதையில் அந்தக் கலவை சிலிண்டர் வரை போய்ச் சேரும். அதற்குப் பிறகு பொறி விழுந்தால் முதல் உதையிலேயே தீப்பிடிக்கும்.

மாப்பிள்ளை என்ற பெயரில் இத்தனையும் அடங்கியிருந்தது. சித்தப்பா ஊரில் இல்லாத நாளில் தம்பி வண்டியை எடுத்தால், அத்தை உள்ளேயிருந்தே "மாப்பிள்ளைக்கு மரியாதை பண்ணியாடா?" என்று கேட்பார். சோக்கு, சாய்ப்பு, இரண்டு உதை என்று அவன் ஞாபகப்படுத்திக்கொள்வான். இன்னொரு விதியும் இருந்தது. மத்தியானம் கடைத்தெருவில் நிறுத்திவிட்டு உடனே எடுக்கும்போது இந்த உபசாரம் எதுவும் கூடாது. சூடாக இருக்கும் இன்ஜினுக்குச் சோக்கை இழுத்தால் பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்துவிடும். அப்புறம் எத்தனை உதைத்தாலும் வியர்வைதான் மிச்சம். காலையில் விழுந்து விழுந்து கவனி, மத்தியானம் கண்டுகொள்ளாதே. இதையே வீட்டில் சட்டமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பெயர் வைத்த வீடுகளில் பேச்சும் மாறிவிடும். பெயரில்லாத வண்டி "அது". பெயர் வந்ததும் "இன்னைக்கு மாப்பிள்ளை வரமாட்டேங்கிறாரு", "அவருக்கு ரெண்டு லிட்டர் போட்டுட்டு வா" என்று மரியாதை ஏறிவிடும். மெக்கானிக் கடையிலும் இதே வழக்கம்தான். வாசலில் வரிசையாக ஒரே நிறத்தில் நிற்கும் ஸ்கூட்டர்களில் நம்பரை யார் பார்க்கிறார்கள்? "அந்த விக்கலுக்கு பிளக் மாத்திட்டியா, மின்மினிக்கு பல்பு வந்துடுச்சா" என்றுதான் வேலை நடக்கும்.

மாப்பிள்ளை கதையில் ஒரு திருப்பம் வந்தது. ஒரு கோடையில் மத்தியான நேரங்களிலும் வண்டி கிளம்ப மறுத்தது. சோக்கு இழுக்கவில்லை, பெட்ரோலும் இருந்தது. அரைமணி நேரம் நிழலில் நிறுத்திவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பிவிடும். "மாப்பிள்ளை முறுக்கு, வேற என்ன" என்று வீடு முழுக்கச் சிரித்தது. டீக்கடையில் உட்கார்ந்து முறுக்கு தணியக் காத்திருப்பதையே சித்தப்பா ஒரு வழக்கமாக்கிக்கொண்டார். கோடை முழுவதும் அப்படியே போயிற்று.

கடைசியில் வேறு வேலைக்காகக் கடைக்குப் போனபோது மெக்கானிக் தம்பி காது கொடுத்துக் கேட்டான். "சூடானா மட்டும் தகராறா சார்? ஆறினா கிளம்புதா?" என்று கேட்டுவிட்டு, வண்டியை நன்றாகச் சூடேற ஓட்டிவந்து நிறுத்தினான். பிளக்கைக் கழற்றி கேப்பில் மாட்டி, இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து உதைத்தான். பொறி நீலமாக, சடசடவென்று விழ வேண்டும். மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு விழுந்தது. "இது முறுக்கு இல்ல சார், கண்டன்சர்" என்றான். பாயின்ட் வைத்த பழைய இக்னிஷனில் கண்டன்சர் வலுவிழந்தால் இப்படித்தான் ஆகும். ஆறியிருக்கும்போது வேலை செய்யும், சூடேறினால் கைவிடும். சில வண்டிகளில் இதே அறிகுறி காயில் பழுதாலும் வரும். புதுக் கண்டன்சர் போட்டு பாயின்டையும் தேய்த்துக் கொடுத்தான். அன்றோடு மத்தியான முறுக்கு ஒழிந்தது. காலை மரியாதை மட்டும் கடைசிவரை தொடர்ந்தது, பெயரும் நிலைத்தது.

செல்லப்பெயரில் இருக்கும் ஒரே ஆபத்து இதுதான். குணத்துக்கு வைத்த பெயர் நோயையும் குணமாகக் காட்டிவிடும். பெயர் வைத்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ அதே அளவில்தான் இன்றும் சேட்டை செய்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். காலையில் மட்டும் புகைந்தது இப்போது நாள் முழுக்கப் புகைகிறதா? இறக்கத்தில் விக்கியது ஏற்றத்திலும் விக்குகிறதா? சேட்டை புது நேரத்தில், புது இடத்தில் தலைகாட்டினால் அது குணமல்ல, பழுது.

சில குணங்களுக்குப் பெயரே வைக்கக் கூடாது. முதலாவது பிரேக். "நிற்கிறதுக்கு யோசிக்கிறவர்" என்று சிரிப்பதற்கு அது இடமில்லை. காலால் மிதிக்கும் பின் பிரேக் பெடல் தரைத்தகடு வரை இறங்கினால் கேபிளை இறுக்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் ஷூ மாற்ற வேண்டும். இரண்டாவது ஹேண்டில் ஆட்டம். இந்த வண்டிகளின் சக்கரம் சின்னது, அதனால் முன்பக்கத்தில் சிறு தளர்ச்சி இருந்தாலும் கையில் பெரிதாகத் தெரியும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். சக்கரத்தின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று தட்டினால் ஹேண்டில் கோன் பேரிங் தளர்ந்திருக்கிறது. "டான்ஸ் மாஸ்டர்" என்று பெயர் சூட்டுவதற்கு முன்பு அதைச் சரிசெய்துவிடுங்கள். மூன்றாவது பெட்ரோல் வாடை. சீட்டைத் தூக்கியதும் வாடை அடித்தால் டியூப் வெடித்திருக்கும், அல்லது நாப் ஒழுகும். மின்மினியும் பெட்ரோலும் ஒரே வண்டியில் இருக்கும்போது அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது.

மற்றபடி பெயர் வைப்பதற்குப் பெரிய இலக்கணம் எதுவும் இல்லை. வண்டிக்குப் பல சேட்டைகள் இருக்கும், அதில் ஒன்றைப் பிடியுங்கள். வண்டி வந்த முதல் வாரத்திலேயே அவசரப்பட வேண்டாம், மழைக்காலம் ஒன்றும் கோடை ஒன்றும் போகட்டும். வாசலிலிருந்து கூப்பிட்டால் உள்ளே கேட்கும்படி சின்னதாக இருக்கட்டும். வேறு யாராவது வைத்த பெயர் பொருந்திவிட்டால், நீங்கள் யோசித்து வைத்ததை மறந்துவிடுங்கள். வைத்த பெயரை எழுத ஆசைப்பட்டால் ஸ்டெப்னி உறையில் எழுதுங்கள், நம்பர் பிளேட்டில் எழுதாதீர்கள். பதிவெண்ணைத் தவிர வேறு எழுத்தோ படமோ அதில் இருக்கக் கூடாது என்பது விதி, போலீஸ் நிறுத்தினால் அபராதம் உண்டு.

மறக்காமல் ஒன்று செய்யுங்கள். சர்வீஸ் நோட்டின் முதல் பக்கத்தில் வண்டியின் செல்லப்பெயரையும், எதற்காக அந்தப் பெயர் வந்தது என்பதையும் இரண்டு வரியில் எழுதி வையுங்கள். "காலையில் சோக்கு, சாய்ப்பு, இரண்டு உதை. சூட்டில் சோக்கு வேண்டாம்." அடுத்து வண்டியை ஓட்டப்போகிற பிள்ளைக்கு, புதிதாக அதில் கைவைக்கும் மெக்கானிக்குக்கு, கம்பெனி கொடுத்த கையேட்டில் இல்லாத தகவல் அது.